தலைப்பில்லாத ஒரு கட்டம்

எக்செலில் பைவட் டேபிள் உருவாக்கும்போது, தரவின் மேல்வரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலை நின்றுவிடும். `The PivotTable field name is not valid` என்று தொடங்கும் செய்தி திரையில் வரும். எந்தக் கட்டம் காலி என்பதை அது சொல்வதில்லை. ஏழு நெடுவரிசை உள்ள தாளில் தேடிவிடலாம். நாற்பது இருந்தால் கண் அசந்துவிடும்.

எக்செல் இப்படி அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பைவட் டேபிளைப் பொறுத்தவரை ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு புலம். அந்தப் புலத்துக்கு வேண்டிய பெயரைத் தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் வரிசையிலிருந்துதான் எக்செல் எடுத்துக்கொள்கிறது. பெயர் இல்லாத புலத்தைப் பட்டியலில் காட்ட முடியாது, இழுத்து வைக்கவும் முடியாது. அந்த நெடுவரிசை அறிக்கைக்குத் தேவையே இல்லை என்றாலும் விலக்கு கிடையாது. பகுதிக்குள் இருக்கும் எல்லா நெடுவரிசைகளுக்கும் பெயர் வேண்டும்.

ஒரு மளிகைக் கடையின் விற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். A முதல் G வரை ஏழு நெடுவரிசைகள். முதல் வரிசையில் தேதி, பில் எண், பொருள், அளவு, விலை, தொகை என்று எழுதியிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் தலைப்புகள் ஆறுதான். ஆனாலும் இடையில் காலி இடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. D நெடுவரிசையில் 5, 2 என்று எண்களும், E நெடுவரிசையில் கிலோ, பாக்கெட் என்று அவற்றின் அலகும் இருக்கின்றன. தாளைத் தயாரித்தவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று D1, E1 இரண்டையும் மெர்ஜ் செய்து, நடுவில் ‘அளவு’ என்று எழுதிவிட்டார். மெர்ஜ் செய்த கட்டங்களில் எழுத்து இடது மேல் கட்டத்தில் மட்டுமே தங்கும். ஆகவே ‘அளவு’ என்பது D1-க்குச் சொந்தம்; E1 காலி.

கண் நம்பும்படி இல்லாத இந்த இடத்தில் கைகொடுப்பது ஒரு சிறு சூத்திரம். தரவுக்கு வெளியே, தள்ளியிருக்கும் ஒரு கட்டத்தில் இதை எழுதலாம்:

```
=COUNTBLANK(A1:G1)
```

விடை 1 என்று வரும். மெர்ஜுக்குள் ஒளிந்திருக்கும் E1-ஐயும் இது எண்ணிவிடுகிறது. மறைத்துவைத்த நெடுவரிசைகளையும் விடுவதில்லை. மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க மேலே உள்ள எழுத்துகளைப் பார்த்தாலே போதும். C-க்கு அடுத்து நேராக E வந்தால், D மறைக்கப்பட்டிருக்கிறது.

இனி முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து `Unmerge Cells` கொடுத்தால் E1 தனியாகப் பிரிந்து வெறுமையாக நிற்கும். அதில் ‘அலகு’ என்று எழுதியதும் சூத்திரத்தின் விடை 0 ஆகும், பைவட் டேபிளும் உருவாகிவிடும். மெர்ஜுக்குப் பதிலாகப் பலரும் பரிந்துரைக்கும் `Center Across Selection` இங்கே உதவாது. அது எழுத்தை இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் காட்டுமே தவிர, E1 அப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

இதே செய்தி வர இன்னொரு வழி, அட்டவணையின் தலைக்கு மேலே எழுதும் பெயர். A1-இல் ‘ஏப்ரல் மாத விற்பனை’ என்றும், அதற்கு நேர் கீழே இரண்டாம் வரிசையில் தலைப்புகளும் இருந்தால், எக்செல் இரண்டையும் ஒரே பகுதியாகச் சேர்த்துக்கொள்ளும். அப்போது முதல் வரிசையில் A1 தவிர மற்ற ஆறும் காலி. `Table/Range` பெட்டியில் `$A$1` என்று தொடங்கியிருப்பதே இதற்கு அடையாளம். அதை `$A$2` என்று மாற்றலாம். பெயருக்கும் தலைப்புகளுக்கும் இடையே ஒரு வரிசையைக் காலியாக விடுவது இன்னும் நல்லது. எக்செல் அந்த இடைவெளியில் பகுதியை வெட்டிக்கொள்ளும்.

நெடுவரிசைகளுக்கும் இந்த வெட்டு பொருந்தும் என்பதுதான் கவலைக்குரியது. அழகுக்காக நடுவில் முழுதும் காலியான ஒரு நெடுவரிசையை விட்டிருந்தால், எக்செல் தானாகப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்கு முன்பே நின்றுவிடும். பிழைச் செய்தி வராது, பாதித் தரவோடு பைவட் டேபிள் உருவாகும். கையால் முழுவதையும் இழுத்துத் தேர்ந்தெடுத்தால்தான் செய்தி வரும். இந்த இரண்டில் செய்தி வருவதே மேல். அமைதியாக வரும் தவறான கூட்டுத்தொகையைக் கண்டுபிடிப்பது கடினம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பைவட் டேபிள் ஒருநாள் `Refresh` கொடுக்கும்போது இதே செய்தியைக் காட்டினால், மூலத் தாளில் யாரோ ஒரு தலைப்பை அழித்திருக்கக்கூடும். பழைய பெயரையே எழுத்து மாறாமல் திரும்ப இட வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் எக்செல் அதைப் புதுப் புலமாக எடுத்துக்கொள்ளும்; பழைய புலம் அறிக்கையிலிருந்து விழுந்துவிடும், மறுபடி இழுத்து வைக்க வேண்டியிருக்கும்.

தரவுக்குள் நின்று `Ctrl+T` அழுத்தி அதை டேபிளாக மாற்றிவிட்டால் காலித் தலைப்பு என்ற பேச்சே இல்லை. வெறுமையான கட்டத்துக்கு `Column1` என்பது போல ஒரு பெயரை எக்செலே இட்டுவிடும். ஆனால் ‘ஏப்ரல் மாத விற்பனை’ என்ற வரிசையும் உள்ளே மாட்டிக்கொண்டால் அதுவே தலைப்பாகிவிடும். தேதி, பில் எண் போன்ற உண்மையான தலைப்புகள் தரவின் முதல் வரிசையாக இறங்கிவிடும். அதனால் `Ctrl+T` அழுத்தியதும் வரும் பெட்டியில் பகுதி எந்த வரிசையில் தொடங்குகிறது என்று பார்த்த பிறகே `OK` கொடுக்க வேண்டும்.