முப்பது நாள் ஓதம், ஒரே படத்தில்

ஒரு சார்பை வரைபடமாக்கும்போது கணினி அந்தச் சார்பு முழுவதையும் பார்ப்பதில்லை. கிடை அச்சில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் மதிப்பைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கிறது. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அந்த நேர்கோடுகள் கண்ணுக்கு வளைகோடாகத் தெரிகின்றன. விலகி நின்றால் படம் பொய் சொல்லத் தொடங்குகிறது. மாணவர்கள் சமர்ப்பிக்கும் பல படங்களில் தலைப்பு, அச்சு, அலகு எல்லாம் இருந்தும் கோடு மட்டும் தவறாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், தமிழக எல்லையோரம் இருக்கும் ஆரம்பாக்கத்துப் பகுதி மாணவர் ஒருவருக்கு இதை விளக்கக் கடல் ஓதத்தைவிடப் பொருத்தமான சார்பு கிடைப்பது அரிது. நீர் ஏறுவதும் வற்றுவதும் அங்கே மீன்பிடிப்பவர்களின் அன்றாடக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும், இடையில் வரும் அட்டமியை ஒட்டிச் சிறுத்துவிடும் என்பதும் அவர்கள் அறிந்ததே. இந்த இரண்டு நடத்தைகளையும் இரண்டே உறுப்புகள் கொண்ட ஒரு சார்பில் அடக்கிவிடலாம். முதல் உறுப்பு நிலவின் ஈர்ப்பால் வருவது, சுற்றுக்காலம் 12.42 மணி. இரண்டாவது சூரியனால் வருவது, சுற்றுக்காலம் சரியாக 12 மணி. சென்னைக் கடற்கரையில் முதலாவதன் வீச்சு சுமார் 0.33 மீட்டர், இரண்டாவதன் வீச்சு சுமார் 0.14 மீட்டர். நாட்களை x என்று கொண்டால் சார்பு இது:

```
h(x) = 0.33*cos(2*pi*24*x/12.42) + 0.14*cos(2*pi*24*x/12)
```

இரண்டு உறுப்புகளும் ஒன்றாக உச்சத்தில் நிற்கும் தருணமே x = 0. அப்போது உயரம் 0.47 மீட்டர். இரண்டும் எதிரெதிராக இழுக்கும் நாட்களில் உச்சம் 0.19 மீட்டருக்கு இறங்கிவிடும். இத்தகைய உறுப்புகளைக் கூட்டி வளைகோடு வரைவது கணினிக்கு முன்பே நடந்தது. இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தைக் கணிக்க எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த இயந்திரம் 1879இல் லண்டனில் தயாரானது. உறுப்புக்கு ஒன்றாகச் சுழலும் கப்பிகளின் மேல் ஒரே கம்பி ஓட, அதன் முனையில் இருந்த பேனா கூட்டுத்தொகையைக் காகிதத்தில் வரைந்தது. அந்தப் பேனா இடைவிடாமல் நகர்ந்ததால், புள்ளிகளுக்கு நடுவே எதையும் தவறவிடும் சிக்கல் அதற்கு இருந்ததில்லை.

இந்த வேலைக்கு க்னூபிளாட் என்ற இலவச மென்பொருள் போதும். 1986 முதல் புழக்கத்தில் இருக்கும் இது பழைய கணினியிலும் ஓடும். ஆனால் தனியாகச் சொல்லாவிட்டால் ஒரு சார்பை வரைய அது எடுத்துக்கொள்வது 100 புள்ளிகள்தான். ஒரு பரவளையத்துக்கு இது தாராளம். முப்பது நாள் ஓதத்துக்கோ 720 மணி நேரத்தை 100 புள்ளிகள் பங்குபோட வேண்டும், அதாவது 7.27 மணிக்கு ஒரு புள்ளி. 12.42 மணிக்கு ஒருமுறை வரும் அலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகூடக் கிடைக்காது. ஓர் அலைக்கு இரண்டு புள்ளிக்குக் குறைந்தால் அந்த அலையை அடையாளம் காண வழியே இல்லை. புள்ளிகளின் வழியே இல்லாத வேறொரு மெதுவான அலை உருவாகிவிடும்.

இங்கே அந்தப் போலி அலையின் சுற்றுக்காலம் சுமார் 17.5 மணி. முப்பது நாளில் 58 ஏற்றங்கள் வர வேண்டிய இடத்தில் படம் 41தான் காட்டும். இதில் உண்மையான ஆபத்து வேறு. ஏற்றம் பெருத்துச் சிறுத்துப் பெருக்கும் அந்தப் பதினைந்து நாள் உருவம் போலிப் படத்திலும் அப்படியே சரியாக வரும். இரண்டு உறுப்புகளின் வேகமும் ஒரே அளவு தவறாகப் பதிவாவதால், அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மாறுவதில்லை. ஆகவே அமாவாசை, பௌர்ணமிக் கணக்கை மட்டும் பார்க்கும் ஆசிரியரும் படம் சரி என்று மதிப்பெண் போட்டுவிடலாம். பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி, சில நாட்களுக்குரிய அகலத்தை எடுத்து அதில் எத்தனை உச்சங்கள் என்று எண்ணுவது. நாளுக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வராமல் வெகுவாகக் குறைந்தால் புள்ளிகள் போதவில்லை என்று பொருள். புள்ளிகளை இரட்டிப்பாக்கி மறுபடி வரைந்து பார்ப்பதும் நல்ல சோதனை: சரியான படம் மாறாது, போலிப் படம் உருமாறிவிடும்.

ஓர் அலைக்கு இருபது புள்ளியாவது இருந்தால் உச்சி மழுங்காமல் வரும். 58 அலைகளுக்கு 1,160 புள்ளிகள் தேவை. கீழே 3,000 கொடுக்கப்பட்டிருக்கிறது. கணினிக்கு இது ஒரு சுமையே அல்ல.

```
set encoding utf8
set terminal pngcairo size 1890,950 font "Noto Sans Tamil,30" linewidth 3
set output "otham.png"
set samples 3000
set xrange [0:30]
set yrange [-0.6:0.6]
set xtics 5
set ytics 0.2
set format y "%.1f"
set grid
unset key
set xlabel "நாள்"
set ylabel "நீர்மட்டம் (மீட்டர்)"
set label "உயர் ஓதம்" at 14.8,0.53 center
set label "தாழ் ஓதம்" at 7.4,0.28 center
h(x) = 0.33*cos(2*pi*24*x/12.42) + 0.14*cos(2*pi*24*x/12)
plot h(x) with lines
unset output
```

அளவு 1890 என்பதற்குக் காரணம் உண்டு. ஏ4 தாளில் ஓரங்கள் போகப் படத்துக்குக் கிடைக்கும் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் அது 1,890 புள்ளியாகிறது. சின்னதாக வரைந்து பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்தும் கோடும் மங்கிவிடும். எழுத்தின் அளவு 30 என்பது ஒரு தொடக்கம். ஒருமுறை அச்சிட்டுப் பார்த்து, பாடப்புத்தக எழுத்தை ஒட்டி இருக்கும்படி ஏற்றலாம், இறக்கலாம். ஒரே ஒரு கோடு இருக்கும் படத்தில் மூலையில் விளக்கப் பெட்டி தேவையில்லை; அதனால்தான் `unset key`. கடைசி வரியை விட்டுவிட்டால் கோப்பு முழுமையாக எழுதப்படாமல், திறக்கும்போது வெறுமையாகவோ பாதியாகவோ இருக்கக்கூடும்.

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடுவதில் தனியாக ஒரு கவனம் வேண்டும். எழுத்துரு இல்லாவிட்டால் வெற்றுக் கட்டங்கள் வரும். அது உடனே கண்ணில் படும். எழுத்துரு இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறுவதுதான் தந்திரமான பிழை. கணினிக்குள் எகர, ஏகர, ஐகாரக் கொம்புகள் மெய்யெழுத்துக்குப் பிறகே சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. பைத்தானோடு பயன்படும் `matplotlib` பல பதிப்புகளில் இதைச் செய்ததில்லை. அதில் ‘நேரம்’ என்று தட்டினால் கொம்பு நகரத்தைத் தாண்டிப் போய் ‘நரேம்’ என்பதுபோல் தெரியும். மேலே உள்ள `pngcairo` எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை. படம் முடிந்ததும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்ப்பது நல்லது.

கோடு சரிதானா என்பதைக் கையால் கணக்கிட்டும் உறுதிசெய்யலாம். x = 0.25, அதாவது ஆறு மணி நேரம் கழித்து: நிலவின் உறுப்பு −0.33, சூரியனின் உறுப்பு −0.14, கூட்டினால் −0.47. x = 0.5 என்றால் 0.32, 0.14, கூட்டுத்தொகை 0.46. படத்தில் இந்த இரண்டு இடங்களும் பொருந்தினால் சூத்திரம் சரியாகத் தட்டச்சாகியிருக்கிறது. பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கோண அளவை. க்னூபிளாட் கோணத்தை ரேடியனில் எடுத்துக்கொள்ளும். 2*pi இருக்கும் இடத்தில் 360 போட்டால் 12.42 மணி அலை 13 நிமிட அலையாகி, படம் குழம்பிப்போகும்.

ஒரு மாதப் படத்தில் ஏற்றம் வரும் நேரத்தைப் படிக்க முடியாது. 16 சென்டிமீட்டரில் 58 அலைகள் என்றால் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிப்பதைவிட, நேரத்துக்கென்று இரண்டு நாள் படம் ஒன்றைத் தனியாக வரைவதே சரி. முந்தைய வரிகளைத் தொடர்ந்து இவற்றைக் கொடுத்தால் போதும்:

```
unset label
set output "otham2.png"
set xrange [0:48]
set xtics 6
set xlabel "நேரம் (மணி)"
plot h(x/24) with lines
unset output
```

இந்த இரண்டாவது படம் ஒரு பாடநூல் வாக்கியத்தைத் திருத்துகிறது. ஓதம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளி வரும் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. படத்திலோ முதல் நாள் தொடக்கத்தில் இருந்த ஏற்றத்துக்கு இணையான மறுநாள் ஏற்றம் 24 மணி 35 நிமிடத்தில் வந்துவிடுகிறது. கிடை அச்சின் எல்லையை `set xrange [168:216]` என்று மாற்றி எட்டாம் நாளை ஒட்டி வரைந்தால், அங்கே அது ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் தாமதிக்கிறது. 50 நிமிடம் என்பது மாதம் முழுவதுக்குமான சராசரி. உயர் ஓத நாட்களில் 12 மணி அலையும் 12.42 மணி அலையும் சேர்ந்து இழுப்பதால் இடைவெளி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தாழ் ஓத நாட்களில் ஒன்றையொன்று எதிர்ப்பதால் அது 12.42ஐயும் தாண்டுகிறது. மேசையில் அமர்ந்து சூத்திரத்தை எத்தனை முறை பார்த்தாலும் இது எளிதில் புலப்படாது; படத்தில் அளவுகோல் வைத்தால் தெரிந்துவிடும்.

படத்தை ஜேபெக் வடிவில் சேமித்தால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் நிழல் வரும். கோட்டுப் படங்களுக்கு பிஎன்ஜி பொருந்தும். வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு அனுப்புவதானால் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். செங்குத்து அச்சின் சுழியம் சராசரிக் கடல்மட்டம். துறைமுக ஓத அட்டவணைகள் அதைவிடத் தாழ்ந்த ஒரு மட்டத்திலிருந்து அளப்பதால் எண்கள் நேரடியாக ஒத்துப்போகாது. சார்பில் இரண்டு உறுப்புகள் மட்டுமே உள்ளன. காற்றும் புயலும் மழை வெள்ளமும் இதில் சேரவில்லை. மூன்றாவதுதான் ஆரம்பாக்கத்துக்கு மிக நெருக்கமானது. இந்த வளைகோடு கடற்பக்கத்துக்கு உரியது. ஏரிக்குள் ஓதம் முகத்துவாரத்தின் வழியாகவே நுழைய வேண்டும். அங்கிருந்து வடக்கே போகப்போக ஏற்றம் சிறுத்து, நேரமும் தாமதமாகும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும் மாதங்களில் கடல் ஏறினாலும் ஏரியின் மட்டம் அதைப் பின்தொடராது. ஏரிக்கான சார்பு வேண்டுமென்றால் கரையில் அளவுகோல் நட்டு, மணிக்கொருமுறை குறைந்தது பதினைந்து நாட்களுக்கு மட்டத்தைக் குறித்து, அந்த எண்களிலிருந்து 0.33க்கும் 0.14க்கும் மாற்றான வீச்சுகளையும், கடலுக்குப் பிந்தும் நேரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும்.