கேக் பாக்ஸுக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு... அதுல என்ன எழுதணும்?

கிறிஸ்துமஸுக்கு நீங்களே வீட்டுல பிளம் கேக் செஞ்சு, அழகா ரிப்பன் கட்டி ஃப்ரெண்டு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புறீங்க. நாலு நாள் கழிச்சு, ``கேக் எப்படி இருந்துச்சு?'' என்று கேட்டால், ``சூப்பர்டி... ஆனா கொஞ்சம் கல்லு மாதிரி இருந்துச்சு'' என்று இழுக்கிறாள். உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். கொடுக்கும்போது பஞ்சு மாதிரி இருந்த கேக் ஆச்சே!

பெரும்பாலும் நடந்தது இதுதான். பாக்ஸ் வீட்டுக்குள் வந்ததும் அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்கும். கேக்னா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும் என்பது நம்ம வீடுகளில் எழுதப்படாத சட்டம். க்ரீம் கேக்குக்கு அது சரி. பிளம் கேக்குக்கு, முதல் சில நாள்களுக்கு, அது தப்பு. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லவாவது பாக்ஸுக்குள் ஒரு துண்டுச்சீட்டு வேண்டும்.

ஏன் தப்பு? மைதாவில் இருக்கும் மாவுச்சத்து பேக் ஆகும்போது தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆகிறது. ஆறிய பிறகு அது மெதுவாகப் பழையபடி இறுக ஆரம்பிக்கும். இந்த இறுக்கம் வெளியில் இருப்பதைவிட ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கும். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்த சாதம் காலையில் விறைத்துப்போய் இருக்குமே, அதே கதைதான். போதாக்குறைக்கு கேக்கில் இருக்கும் வெண்ணெயும் குளிரில் கெட்டியாகிவிடும். மூடாமல் வைத்தால் ஈரமும் போய், பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையும் சேர்ந்துகொள்ளும்.

``அப்போ வெளியிலேயே வெச்சுடலாமா?'' என்றால், அங்கேதான் சிக்கல். ஃப்ரிட்ஜ் கேக்கை இறுக்கினாலும், பூஞ்சையைத் தள்ளிப்போடும். வெளியில் வைத்தால் மெத்தென்று இருக்கும்; ஆனால், சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதனால் சீட்டில் ஒரே வரியாக `ஃப்ரிட்ஜில் வைக்கவும்' என்றோ, `வைக்காதீர்கள்' என்றோ எழுதினால் பாதி உண்மைதான். எத்தனை நாள் வெளியில், அதற்குப் பிறகு எங்கே என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டிசம்பர் 23 அன்று அரை கிலோ பிளம் கேக் செய்கிறீர்கள். பழங்களை ரம்மில் ஊறவைக்கவில்லை, ஆரஞ்சு ஜூஸில் ஊறவைத்தீர்கள். முட்டை, முந்திரி, வால்நட் இருக்கிறது. இந்த மாதிரி கேக்கை காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாத இடத்தில் நாலைந்து நாள் வெளியில் வைக்கலாம். அதாவது 27-ம் தேதி ராத்திரி வரை. மிச்சம் இருந்தால் க்ளிங் ராப்பில் இறுக்கமாகச் சுற்றி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் 10 நாள் தாராளமாக வரும். இன்னும் நாள் வேண்டுமென்றால், துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். ரம்மில் ஊறிய பழம் போட்டு, மேலேயும் ரம் தடவிய கேக் என்றால் கணக்கே வேறு. அது வெளியிலேயே சில வாரம் நிற்கும். நாள் ஆக ஆக ருசியும் கூடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் `5 நாள்கள் வரை நன்றாக இருக்கும்' என்று எழுதினால் பிரயோஜனமே இல்லை. எப்போதிலிருந்து 5 நாள்? நீங்கள் 23-ம் தேதி செய்தது வாங்கியவருக்குத் தெரியாது. அதுவும் பண்டிகை நேரத்தில் கேக் பாக்ஸ் ஒரு வீட்டில் நிற்காது. உங்களிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து மேல் வீட்டு ஆன்ட்டிக்கு என்று ஊர்வலம் போகும். (நம்ம எல்லாரும் செஞ்சிருக்கோம், மறைக்க வேண்டாம்!) அதனால் எத்தனை நாள் என்று எழுதாதீர்கள், தேதியாகவே எழுதுங்கள்.

அந்தத் தேதி நிஜமாக இருக்க உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. கேக் முழுசா ஆறிய பிறகுதான் சுற்ற வேண்டும். லேசான சூட்டோடு பேக் செய்தால் உள்ளே ஆவி வியர்த்து, இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை வந்துவிடும். அப்போது சீட்டு பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, வெட்டுவது. பிளம் கேக்குக்குப் பல் வைத்த பிரெட் கத்திதான் சரி. அமுக்காமல் ரம்பம் அறுப்பது மாதிரி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். அமுக்கினால் பழம் இருக்கிற இடத்தில் கேக் உதிர்ந்துவிடும்.

எங்கிருந்து வெட்டுவது என்பதும் முக்கியம். 1906-ல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இதைப் பற்றியே `நேச்சர்' அறிவியல் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். வட்ட கேக்கில் முக்கோணமாக ஒரு துண்டு எடுத்தால், வெட்டிய இரண்டு பக்கமும் காற்றுபட்டுக் காய்ந்துவிடும். அதற்குப் பதில் கேக்கின் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு பட்டையாக வெட்டி எடுங்கள். மிச்சமுள்ள இரண்டு பாதியையும் நெருக்கி ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். வெட்டிய பக்கங்கள் உள்ளே மறைந்துவிடும். மறுநாள் குறுக்காக அதே மாதிரி. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஐடியா கிடையாது. நீளமான லோஃப் கேக்குக்கும் இது செட் ஆகும்.

ஃப்ரெஷ் க்ரீம் கேக் கொடுக்கிறீர்கள் என்றால் இதெல்லாம் தலைகீழ். வந்ததும் ஃப்ரிட்ஜ், வெட்டும்போதும் ஜில்லென்று, கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்ட வேண்டும். வெளியில் மொத்தமே இரண்டு மணி நேரம், வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம்தான். இரண்டு நாளுக்குள் காலி செய்வது நல்லது.

சரி, நம்ம 23-ம் தேதி கேக்குக்கான சீட்டு இப்படி இருக்கலாம்:

`வணக்கம்! இது டிசம்பர் 23 அன்று செய்த பிளம் கேக். முட்டை, பால், மைதா, முந்திரி, வால்நட் உண்டு, ரம் கிடையாது. 27-ம் தேதி வரை ஃப்ரிட்ஜ் வேண்டாம், மூடிய டப்பாவில் வெளியில் வைக்கவும். எறும்பு வரும், டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைக்கவும். அதன்பின் நன்றாகச் சுற்றி ஃப்ரிட்ஜில், ஜனவரி 6 வரை. சாப்பிட ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் மறுபடி மெத்தென்று ஆகும். அவசரம் என்றால் ஒரு துண்டை 10 விநாடி மைக்ரோவேவ் செய்யலாம். பிரெட் கத்தியால், நடுவிலிருந்து வெட்டவும். புளித்த வாடையோ, பஞ்சு மாதிரி வெள்ளை, பச்சைப் புள்ளியோ தெரிந்தால் முழுசாகத் தூக்கிப் போடவும்.'

கடைசி வரியில் `முழுசாக' என்பதை விட்டுவிடாதீர்கள். ``மேல இருக்கிறதைச் சுரண்டிட்டுச் சாப்பிடலாம்'' என்று சொல்லும் பாட்டி எல்லா வீட்டிலும் இருப்பார். கேக் மாதிரி மெத்தென்ற பொருளில் பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

முட்டை, நட்ஸ் பற்றிய வரியும் அப்படித்தான். முட்டை சாப்பிடாதவர், நட்ஸ் அலர்ஜி உள்ள குழந்தை என்று யார் கைக்கு அந்த பாக்ஸ் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

சீட்டை கேக்கின் மேல் வைக்காதீர்கள். மை கேக்கில் ஒட்டும், வெண்ணெய் பட்டு எழுத்தும் கலங்கும். மூடியின் உள்பக்கம் ஒட்டினாலும், டப்பா மாற்றும்போது குப்பைக்குப் போய்விடும். சின்ன ஜிப் கவரில் போட்டு, கேக்கைச் சுற்றிய ராப்போடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் ஒன்று தட்டிவிடுங்கள்.