திரும்பி வரும் விமானம் எங்கே?

தஞ்சாவூரிலிருந்து மலேசியா கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மனைவியின் அம்மா. டிராவல்ஸ்காரர் பயணத்திட்டத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். ஜூன் 5 இரவு சென்னையில் விமானம், மறுநாள் காலை கோலாலம்பூர், பிறகு பத்துமலை, பினாங்கு, தங்கும் விடுதிகள் என்று எல்லாம் ஒழுங்காக வருகிறது. கடைசியில் 'ஜூன் 12: காலை உணவுக்குப் பின் அறையைக் காலி செய்து' என்ற இடத்தில் மடல் நின்றுபோகிறது. ஊர் திரும்பும் விமானத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதற்குக் காரணம் வெறும் தொழில்நுட்பமாகவே இருக்கலாம். ஒரு மடல் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். அட்டவணை, வண்ணப் பட்டை, நீண்ட நிபந்தனைகள் என்று அலங்காரமாக வரும் பயண மடல்கள் இந்த அளவை எளிதில் தொட்டுவிடுகின்றன. மடலின் அடியில் 'View entire message' என்ற சிறு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் தொட்டால் முழு மடலும் திறக்கும். அப்படி ஒன்று இல்லையென்றால், அனுப்பியவர் பக்கத்திலேயே ஏதோ விடுபட்டிருக்கிறது.

எழுதிக் கேட்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். மடலில் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பிஎன்ஆர் இருக்கும். விமான நிறுவனத்தின் தளத்தில் அதையும் பயணியின் குடும்பப் பெயரையும் கொடுத்தால் முன்பதிவு அப்படியே தெரியும். இங்கே தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். முன்பதிவு செய்பவர் சொந்தப் பெயரையே இருமுறை போட்டிருப்பார், அல்லது LNU என்று நிரப்பியிருப்பார். தளம் 'கிடைக்கவில்லை' என்று சொன்னால் பதற வேண்டாம். பயணத்திட்டத்தில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தளத்தில் இரண்டு பயணமும் தெரிந்தால் வெட்டுப்பட்டது மடல் மட்டும்தான். போகும் பயணம் மட்டும் தெரிந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. திரும்புவது வேறு நிறுவனத்தில், வேறு பிஎன்ஆரில் இருக்கலாம். இல்லையென்றால், அது இன்னும் பதிவே ஆகாமல் இருக்கலாம்.

திரும்பும் பயணம் திரையில் தெரிந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎன்ஆர் என்பது இருக்கைக்கான பதிவு. அது டிக்கெட் ஆகிவிடாது. முகவர் பணம் கட்டாமல் ஒரு கெடுவரை இருக்கையைப் பிடித்து வைக்க முடியும். கெடு முடிந்தால் அது தானாகவே ரத்தாகும். பெரிய நிறுவனங்களில் டிக்கெட் எடுத்தாகிவிட்டதற்கு அடையாளம் 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, மலேசியா ஏர்லைன்ஸுக்கு 232. மலிவு விலை விமானங்களில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. அங்கே முன்பதிவின் நிலை உறுதி என்றும், பாக்கித் தொகை இல்லை என்றும் காட்ட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு எழுதும் மடல் சுருக்கமாக இருந்தாலே போதும். புதிதாக ஒன்று தொடங்காமல், வந்த மடலுக்கே பதிலாக அனுப்பினால் முகவர் தேட வேண்டியிருக்காது. அந்தக் குடும்பம் இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நீங்கள் அனுப்பிய பயணத்திட்டம் 'ஜூன் 12: காலை உணவுக்குப் பின் அறையைக் காலி செய்து' என்பதோடு நின்றுவிட்டது. முழு மடலையும் திறந்து பார்த்தோம், அதற்கு மேல் இல்லை. விமானத் தளத்திலும் போகும் பயணம் மட்டுமே தெரிகிறது. திரும்பும் விமானத்தின் எண், தேதி, நேரம், முனையம், பெட்டிக்கான எடை, மூன்று பேரின் டிக்கெட் எண் ஆகியவற்றை அனுப்புங்கள். வேறு பிஎன்ஆர் என்றால் அதையும் சொல்லுங்கள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் எதுவரை இருக்கை நிற்கும்?"

மடல் எந்த வரியில் நின்றது என்று சொல்வது முக்கியம். 'ரிட்டர்ன் விவரம் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் அதே மடல் மறுபடியும் வந்து நிற்கும். முனையத்தைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது.

பதில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதி. '12-ஆம் தேதி ராத்திரி 12.10' என்று முகவர் எழுதினால் அது 12-ஆம் தேதி அதிகாலை 00:10 ஆகவும் இருக்கலாம், 13-ஆம் தேதி 00:10 ஆகவும் இருக்கலாம். ஒருநாள் வித்தியாசத்தில் விமானம் போயே போய்விடும். 24 மணிக் கணக்கில் எழுதித் தரச் சொல்வதே நல்லது.

இதையெல்லாம் கிளம்பும் வாரம்வரை தள்ளிப்போட முடியாது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள்வரை மலேசியாவில் தங்கலாம். ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லி அங்கே குடிநுழைவு அதிகாரி கேட்கலாம். சென்னையிலேயே, போர்டிங் பாஸ் தரும் கவுன்டரிலும் கேட்கலாம்.