காய்ச்சலில் தவறிய தேர்வு: கடிதத்தில் என்ன எழுதுவது?

டெங்கு காய்ச்சலில் படுத்து செமஸ்டர் தேர்வைத் தவறவிட்ட மாணவி, மறுதேர்வு கேட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் ‘வழி: துறைத்தலைவர், முதல்வர்’ என்று போட்டு, அவர்கள் பரிந்துரைத்துக் கையெழுத்திட்ட பிறகு கொடுப்பதே நல்லது. நேரே கொண்டுபோய் நீட்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அலுவலகம் முதலில் பார்ப்பது தேதிகளைத்தான். “நவம்பர் 12 முதல் 16 வரை உள்நோயாளியாக இருந்தேன். அதனால் 14ஆம் தேதி முற்பகல் நடந்த கணிதத் தாளை எழுத இயலவில்லை. மறுதேர்வு எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இவ்வளவு போதும். பதிவு எண்ணும் தாளின் குறியீடும் விட்டுப்போகக் கூடாது. பட்ட அவதியை வர்ணிக்கும் பத்திகளை அங்கே யாரும் படிப்பதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைக்க வேண்டும். குணமான பிறகு வாங்கிய மருத்துவச் சான்றிதழ் மட்டும் இருந்தால், தேர்வு நாளில் டாக்டரைப் பார்த்தாரா என்ற சந்தேகம் எழும்.

அகமதிப்பீட்டுத் தேர்வு என்றால் கல்லூரியே மறுபடி நடத்த வாய்ப்புண்டு. பல்கலைக்கழகத் தேர்வை, காரணம் எவ்வளவு நியாயமானாலும், பெரும்பாலும் அடுத்த முறை அரியராகத்தான் எழுத வேண்டிவரும். எதுவானாலும், கடித நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.