சிறுநகரில் உளப்பிறழ்வை விரைந்து கண்டறிதல்: நிதிக்கோரிக்கையின் நோக்கமும் நியாயமும்

பூந்தமல்லியில் சைக்கோசிஸ் எனப்படும் உளப்பிறழ்வைத் தொடக்கத்திலேயே கண்டறிய நிதி கோருவதாகக் கொள்வோம். 'நகர மக்கள் அனைவரையும் பரிசோதித்தல்' என்று நோக்கம் எழுதுமுன், எத்தனை பேர் கிடைப்பர் எனக் கணக்கிட வேண்டும்.

சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் பங்கேற்ற இன்ட்ரெபிட் ஆய்வு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் 18 முதல் 64 வயதினருள் ஆண்டுக்கு இலட்சம் பேருக்குச் சுமார் 21 புதிய நோயாளிகள் என மதிப்பிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி பூந்தமல்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 57 ஆயிரம். அவ்வயதினர் 37 ஆயிரம் எனக் கொண்டால், ஆண்டுக்கு 8 பேரே புதிதாக நோயுறுவர். அவர்களுக்காக அனைவரையும் வினவினால், நோயற்ற பலர்மீதும் ஐயம் விழும். இக்கணக்கை மதிப்பீட்டாளர் தாமே போட்டுப் பார்ப்பார்.

ஆகவே நோக்கம், முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறைப்பதாக அமைதல் தகும். அக்காலம் நீள்வதற்கும் குணமாதல் குன்றுவதற்கும் தொடர்புண்டு என்பதே நியாயத்தின் மையம். தாமதம் வீட்டிலா, கோயில், தர்கா போன்ற இடங்களிலா, பொது மருத்துவரிடமா என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டறிய வேண்டும். ஆவடியையும் சேர்த்தால் ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் எதிர்பார்க்கலாம். ஒப்பீடு அப்போதுதான் பொருள்படும். சிலரது பல்லாண்டுத் தாமதம் சராசரியைத் திரிக்குமாதலால் இடைநிலை அளவே ஏற்றது.

விழிப்புணர்வுப் பணி தொடங்கியதும், நெடுநாள் சிகிச்சையின்றி இருந்தோரே முதலில் வருவர். முதலாண்டில் தாமதம் கூடியதாகத் தோன்றும். அவர்களைத் தனியே பதியும் முறையை நோக்கப் பகுதியிலேயே குறிப்பிட வேண்டும்.