வார்டன் கடிதமும் 21 நாள் கணக்கும்

மாசி, பங்குனி மாதங்களில், ஆண்டுத் தேர்வு நெருங்கி வரும் சமயத்தில், பள்ளி விடுதியிலிருந்து பெற்றோருக்கு வரக்கூடிய கடிதங்களுள் சின்னம்மையைப் பற்றிய கடிதமே மிகுந்த கலவரத்தை விளைவிப்பது. “மாணவன் ஒருவனுக்கு அம்மை கண்டிருக்கிறது, அவனைத் தனியறையில் வைத்திருக்கிறோம், அவனோடு தங்கியிருந்தவர்களை 21 நாள் கவனித்து வருவோம், தங்கள் பிள்ளைக்கு முன்பே அம்மை வந்ததுண்டா, தடுப்பூசி போட்டதுண்டா என்று தெரிவிக்கவும், எங்களைக் கலக்காமல் பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம்” என்று நான்கைந்து வரிகளே அதில் இருக்கும். நோயுற்றவனைத்தான் பிரித்து வைத்தாகிவிட்டதே, மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை நாள் காவல் என்ற கேள்வி பெற்றோருக்கு எழுவது சகஜம்.

காரணம் இந்த நோயின் சுபாவத்திலேயே இருக்கிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஓரிரண்டு நாள் முன்பிருந்தே நோயாளியின் மூச்சுக் காற்றின் வழியாகக் கிருமி பரவத் தொடங்கிவிடுகிறது. கொப்புளத்து நீர் பட்டாலும் தொற்றும். ஆகவே தனியறைக் கதவு சாத்தப்படும்போது, ஒரே அறையில் படுத்துறங்கிய தோழர்களுள் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களை அது பெரும்பாலும் பற்றியிருக்கும். பற்றிய கிருமி உடனே வெளிப்படுவதுமில்லை. 10 முதல் 21 நாள் வரையில், பெரும்பாலும் இரண்டு வாரமளவு, உள்ளேயே அடங்கியிருந்து பிறகே தோலில் தோன்றுகிறது.

உதாரணமாக, பிப்ரவரி 3-ஆம் தேதி காலையில் ஒரு பையனின் மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகளும் நீர்கோத்த கொப்புளங்களும் காணப்பட்டன என்று கொள்வோம். முதல் நாள் வெறும் வேர்க்குரு என்றோ மூட்டைப்பூச்சிக் கடி என்றோ தோன்றினாலும், மறுநாள் புதிய தடிப்பு, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் அடுத்தடுத்துக் காணப்படுவதைக் கொண்டு வைத்தியர் சின்னம்மையை நிச்சயிப்பார். அவனிடமிருந்து தொற்று பிப்ரவரி 1-ஆம் தேதியே தொடங்கியிருக்கும். ஆதலால் அறைத் தோழர்களுக்குக் கொப்புளம் எழக்கூடிய காலம் 11-ஆம் தேதி முதல் 24-ஆம் தேதி வரை. அவர்கள் பிறருக்குத் தொற்றவைக்கக்கூடிய காலமோ அதற்கும் இரண்டு நாள் முன்னதாக, 9-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொள்ள விரும்பும் பெற்றோர் அதற்கு முன்பே, வார்டனிடம் சொல்லி, அழைத்துக்கொண்டு 24-ஆம் தேதி வரை வீட்டிலேயே வைத்திருப்பது ஒரு வழி. அதைவிட்டு, 14-ஆம் தேதி லேசான ஜுரம் என்று கேள்விப்பட்டு, கூட்டம் நெரியும் பேருந்தில் அவனை அழைத்து வருவதே கடிதம் தடுக்க விரும்பும் காரியம்.

அந்தத் தோழர்களுள் ஒருவனுக்கு 17-ஆம் தேதி அம்மை காணுமானால், அவனோடு பழகி இன்னும் நோய் வராதிருப்பவர்களுக்குக் கணக்கு மீண்டும் தொடங்கி மார்ச் 10-ஆம் தேதி வரை நீளும். அப்போது வரும் இரண்டாவது கடிதத்தைக் கண்டு, விடுதியில் கவனிப்புச் சரியில்லை என்று சினந்துகொள்ளும் பெற்றோர் பலர். ஆனால் அந்த இரண்டாம் வரிசை பெரும்பாலும் முதற் கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே விதைக்கப்பட்டதுதான். முன்பே அம்மை வந்து போனவர்களையும் இரண்டு தவணைத் தடுப்பூசி பெற்றவர்களையும் பற்றி அவ்வளவு கவலை வேண்டியதில்லை என்பதாலேயே வார்டன் அந்த விவரத்தைக் கேட்கிறார். நோயாளிக்குச் சோறு கொண்டுபோகும் பணியாளும் முன்பு அம்மை கண்டவராக இருப்பதே முறை. எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைக்கு, நோயாளியோடு பழகிய மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டால் நோய் தடைபடவோ தணியவோ கூடும்.

தனியறையிலிருந்து எப்போது விடுவது என்பதில்தான் வழக்கமும் வைத்தியமும் சற்றே உரசுகின்றன. வாசலில் வேப்பிலை செருகுவது, வருவோரை எட்டவே நிறுத்திவைக்கும் நல்லதோர் அறிவிப்பு என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ தலைக்குத் தண்ணீர் விட்டதுமே தொற்று நீங்கிவிட்டதாகக் கொள்வது சரியன்று. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது ஐந்து முதல் ஏழு நாளில் நிகழும், சிலருக்கு மேலும் நீளும்.

அம்மைக்கு மருந்து கூடாது என்ற நம்பிக்கையும் விடுதி வயதினருக்குப் பொருந்தாது. 12 வயதுக்கு மேற்பட்டோரை இது சிறுவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும்; அவர்களுக்கு வைத்தியர் தரும் அசைக்ளோவிர், கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வமான விபரீதத்துக்கு இடமாகலாம் என்பதால் விலக்கப்பட்டது. மூச்சுத் திணறல், விடாத வாந்தி, நடையில் தள்ளாட்டம், மயக்கம், சிவந்து வீங்கி வலிக்கும் கொப்புளம் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வார்டனுக்குப் பதில் எழுதும்போது, கடிதத்தில் கேளாத ஒன்றையும் தெரிவிப்பது அவசியம்: வீட்டில் அம்மை காணாத கர்ப்பிணியோ, பச்சிளங் குழந்தையோ, புற்றுநோய் முதலியவற்றுக்குச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால், அந்தப் பிள்ளை கண்காணிப்புக் காலம் முடியும்வரை விடுதியிலேயே தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.