38-வது வினாடியில் வெளியேறியவர்

மாலை நேரம். ஒருவர் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறார். வீடியோவுக்கு முன்னால் விளம்பரம் ஓடுகிறது. கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்து இணையத்தில் நேரடியாக விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 நிமிடம். ஐந்தாவது வினாடி முடிந்ததும் ‘ஸ்கிப்’ பட்டன் வருகிறது. அவர் தொடவில்லை. வீட்டிலிருக்கும் கிரைண்டரில் ஒரு வாரமாக பெல்ட் வழுக்குகிறது. 38-வது வினாடியில், பாத்திரத்தை அப்படியே சாய்த்து மாவை வழித்தெடுப்பதைக் காட்டுகிறார்கள். அவருக்கு அதுவே போதும். திரையில் இருக்கும் இணைப்பைத் தட்டி, கம்பெனியின் பக்கத்துக்குப் போய்விடுகிறார். இரண்டு நாள் வீட்டில் பேசிவிட்டு வாங்கியும் விடுகிறார்.

மாதக் கடைசியில் கம்பெனி முதலாளியின் மேஜைக்கு அறிக்கை வருகிறது. ‘விளம்பரத்தை முழுதாகப் பார்த்தவர்கள்’ என்ற வரியில் இந்த அம்மா இல்லை. பாதியில் விட்டுப் போனவர்களோடு அவரையும் சேர்த்திருக்கிறார்கள். விளம்பரம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அவரே தோல்விக் கணக்கில் ஏறிவிட்டார். நீண்ட விளம்பரம் எடுக்கிற சின்னக் கம்பெனிகள் இந்த ஒரு வரியை நம்பி நல்ல படத்தை நிறுத்திவிடுவதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலில், காசு எந்த இடத்தில் போகிறது என்று பார்ப்போம். 2010 டிசம்பரில் யூடியூப் ஸ்கிப் பட்டனுடன் கூடிய விளம்பரங்களைக் கொண்டுவந்தது. அந்த முறையில் ஒரு பார்வைக்கு இவ்வளவு என்று விலை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சி.பி.வி. என்பார்கள். ஆனால் ‘பார்வை’ என்றால் முழுப் படத்தையும் பார்ப்பதல்ல. 30 வினாடி பார்த்தால் ஒரு பார்வை. படம் 30 வினாடிக்குக் குறைவென்றால் முடியும்வரை பார்க்க வேண்டும். அதற்கு முன்பே இணைப்பைத் தட்டினாலும் பார்வைதான். 5 வினாடியோ 20 வினாடியோ பார்த்துவிட்டு ஸ்கிப் செய்தவருக்கு விளம்பரதாரர் ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகப் புரியும். 20 வினாடி விளம்பரத்துக்குப் ‘பார்வை’யும் ‘முழுப் பார்வை’யும் ஒன்றுதான். 2 நிமிட விளம்பரத்துக்கோ காசு 30-வது வினாடியில் போய்விடுகிறது. முழுப் பார்வை என்பது அதற்கப்பால் ஒன்றரை நிமிடம் தள்ளி நிற்கிறது. இரண்டையும் ஒரே கோலால் அளந்தால் நீளமானது தோற்றே ஆக வேண்டும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் நான் வைப்பவை, விஷயம் விளங்குவதற்காக. கிரைண்டர் கம்பெனி 2 நிமிடப் படத்துக்கு 50,000 ரூபாய், அதையே வெட்டிச் சுருக்கிய 20 வினாடிப் படத்துக்கு 50,000 ரூபாய் ஒதுக்குகிறது. இரண்டிலும் ஒரு பார்வை 50 பைசா. ஆக இரண்டுக்கும் தலா 1 லட்சம் பார்வைகள். குட்டிப் படத்தில் அந்த 1 லட்சமும் முழுப் பார்வை. ஒன்றுக்கு 50 பைசா. நீளப் படத்தில் 30-வது வினாடியைத் தாண்டிய 1 லட்சம் பேரில் பாதிப் படம்வரை 60,000 பேர், முக்கால்வரை 40,000 பேர், கடைசிவரை 30,000 பேர். முழுப் பார்வை ஒன்றுக்கு 1 ரூபாய் 67 பைசா. மூன்று மடங்குக்கும் மேல். அறிக்கையைப் பார்த்தவுடன் எந்த முதலாளியும் நீளப் படத்தை நிறுத்தச் சொல்வார்.

அதே எண்களை வேறு வழியில் கூட்டுங்கள். 30-க்கும் 60-க்கும் இடையில் போன 40,000 பேர் சராசரியாக 45 வினாடி பார்த்திருப்பார்கள். அடுத்த கட்டத்தில் போன 20,000 பேர் 75 வினாடி, அதற்கடுத்த 10,000 பேர் 105 வினாடி, கடைசிவரை இருந்த 30,000 பேர் 120 வினாடி. மொத்தம் 79.5 லட்சம் வினாடிகள். குட்டிப் படத்துக்குக் கிடைத்தவை 20 லட்சம் வினாடிகள். அதே 50,000 ரூபாய்க்கு நீளப் படத்தின் முன்னால் மக்கள் உட்கார்ந்திருந்த நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பாதியில் போனவர்கள் ஒன்றரை நிமிடம் பார்த்திருந்தாலும், முழுப் பார்வை என்ற கோல் அவர்களுக்குப் பூஜ்யம் போடுகிறது. கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு, முழுசு என்று எத்தனை பேர் எதுவரை வந்தார்கள் என்ற விவரம் கூகுள் விளம்பரக் கணக்கிலேயே இருக்கிறது. ஏஜென்ஸியிடம் கேட்டால் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் கடைசி எண் மட்டும்தான் வரும்.

முழுதாகப் பார்த்தவர்கள் யார் என்பது அடுத்த சிக்கல். அந்த 30,000 பேரும் ஆர்வத்தால் பார்த்தவர்கள் அல்லர். டி.வி.யில் யூடியூப் ஓடும்போது ரிமோட் சோபாவுக்கு அடியில் கிடக்கும். ஆள் அடுப்படியில் இருப்பார். விளம்பரம் யாருமில்லாத ஹாலில் முழுசாக ஓடி முடியும். குழந்தை கையில் இருக்கும் போனிலும் அப்படித்தான். பாட்டுக் கேட்டபடி தூங்கிப்போனவரின் தலைமாட்டிலும் அப்படித்தான். முழுப் பார்வையைக் கூட்டுவதே குறிக்கோள் என்று வைத்துவிட்டால், காசு மெல்ல மெல்ல இந்த இடங்களை நோக்கி நகரும். ஆர்வத்தோடு இணைப்பைத் தட்டி வெளியேறுகிறவர் கணக்கில் குறைவார். இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. அறிக்கையை டி.வி., போன் என்று கருவிவாரியாகப் பிரியுங்கள். முழுப் பார்வை ஏறிக்கொண்டே போய், கம்பெனிப் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஏறாமல் நின்றால், பார்ப்பவர்கள் மாறிவிட்டார்கள் என்று பொருள்.

படத்தையும் இது கெடுக்கிறது. கடைசிவரை ஆளை இருத்த வேண்டும் என்று கம்பெனிப் பெயரைக் கடைசி 10 வினாடிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் கணக்கில் அந்தப் பெயரைக் கேட்பவர்கள் 30,000 பேர். முதல் 5 வினாடியிலேயே பெயரும் கிரைண்டரும் வந்துவிட்டால், ஸ்கிப் செய்த அத்தனை பேரும், காசு வாங்காமலேயே, அதைப் பார்த்திருப்பார்கள். 2015-இல் கேன்ஸ் விளம்பர விழாவில் திரைப்படப் பிரிவின் உச்சப் பரிசை அமெரிக்காவின் கைகோ காப்பீட்டுக் கம்பெனியின் படம் வென்றது. சொல்ல வேண்டியதை ஸ்கிப் பட்டன் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டு, அதன்பிறகு உறைந்து நிற்பதுபோல் நடிக்கும் குடும்பத்தைக் காட்டிக்கொண்டிருந்த படம் அது.

சரி, வாங்கியவர்களை எண்ணிவிட்டால் போயிற்று என்று தோன்றும். எண்ணலாம், ஆனால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. கூகுள் மூன்று விதமாக எண்ணுகிறது. விளம்பரத்தைத் தட்டி வந்து வாங்கியவர் ஒரு வகை. தட்டாமல், ஸ்கிப் பட்டனுள்ள விளம்பரத்தைக் குறைந்தது 10 வினாடி பார்த்துவிட்டு, மூன்று நாளுக்குள் தானாகத் தேடி வந்து வாங்கியவர் இன்னொரு வகை. மூன்றாவதுதான் வியூ-த்ரூ கன்வெர்ஷன். பெயரைக் கேட்டால் ‘பார்த்ததால் வாங்கியவர்’ என்று படும். உண்மையில் விளம்பரம் அவர் திரையில் காட்டப்பட்டால் போதும். காசு போகும் அளவுக்கு அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. நாமாக மாற்றாவிட்டால், காட்டிய ஒரு நாளுக்குள் வாங்கினால் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஆறாவது வினாடியில் எரிச்சலோடு ஸ்கிப் செய்தவரும், ஏற்கெனவே வாங்க முடிவு செய்திருந்தவரும் இதில் அடக்கம்.

இந்தக் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்பதை 2011-இல் யாஹூவில் ஆய்வாளர்களாக இருந்த ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ், டேவிட் ரெய்லி மூவரும் அழகாகக் காட்டினார்கள். இணையத்தில் சிறு வேலைகள் செய்யும் ஒரு தளத்து ஆட்களில் ஒரு பகுதியினருக்கு யாஹூவின் விளம்பர வீடியோவைக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு யாஹூவோடு சம்பந்தமில்லாத ஓர் அரசியல் விளம்பரத்தை. யாஹூ விளம்பரம் பார்த்தவர்கள் அன்றைக்கு யாஹூ பக்கங்களுக்குக் கூடுதலாகப் போனார்கள். அரசியல் விளம்பரம் பார்த்தவர்களும் அதே அளவு கூடுதலாகப் போனார்கள். அன்று இணையத்தில் அதிக நேரம் இருந்தவர் கண்ணில் விளம்பரமும் படும், அவர் எல்லாப் பக்கங்களுக்கும் போவார், அவ்வளவுதான். விளம்பரம் பார்த்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அந்தக் கூடுதல் முழுவதும் விளம்பரத்தின் சாதனையாகப் பதிவாகியிருக்கும்.

ஆக, முழுப் பார்வை குறைத்துச் சொல்கிறது. வியூ-த்ரூ கூட்டிச் சொல்கிறது. நடுவில் இருப்பதைப் பிடிக்க ஒரே வழி, விளம்பரம் யாருக்குக் காட்டப்பட்டிருக்குமோ அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேண்டுமென்றே காட்டாமல் விடுவது. கிரைண்டர் கதைக்கே வருவோம். 4 லட்சம் பேருக்கு நீளப் படத்தைக் காட்டுகிறோம். அதேபோன்ற 4 லட்சம் பேரிடமிருந்து மறைக்கிறோம். காட்டியவர்களிடமிருந்து எந்த வழியாக வந்தாலும் சரி, மொத்தம் 160 ஆர்டர்கள். மறைத்தவர்களிடமிருந்து 115. விளம்பரம் கொண்டுவந்தது 45. ஆர்டர் ஒன்றுக்கு 1,111 ரூபாய் செலவு. அதே சமயம் கூகுள் அறிக்கையில் தட்டி வந்தவர்கள் 12, பார்த்துவிட்டுப் பிறகு வந்தவர்கள் 30, வியூ-த்ரூ 45, மொத்தம் 87 என்று இருக்கலாம். அந்த 87-ல் ஏறக்குறைய பாதிப் பேர் விளம்பரம் இல்லாமலும் வாங்கியிருப்பார்கள்.

45 என்ற வித்தியாசத்தைக்கூட அப்படியே நம்பக் கூடாது. இரண்டு ஆர்டர் எண்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 160-ம் 115-ம் 275, வர்க்கமூலம் சுமார் 17. வித்தியாசம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், அதாவது 34-க்கு மேல் இருந்தால் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. வித்தியாசம் 15 மட்டுமே வந்திருந்தால், விளம்பரம் வேலை செய்ததா என்று இந்தச் சோதனையால் சொல்லவே முடியாது. குட்டிப் படத்துக்கும் இதே சோதனையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். எல்லாருக்கும் பெயர் தெரிந்த பண்டத்துக்குக் குட்டிப் படம் வெல்லலாம். விளக்கிச் சொல்லி விற்க வேண்டிய, 6,000 ரூபாய்ப் பண்டத்துக்கு நீளப் படம் வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

4 லட்சம் பேரைப் பிரித்து மறைப்பது சின்ன பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது. அவர்கள் மாவட்டவாரியாகச் செய்யலாம். முந்தைய மூன்று மாதங்களில் ஆர்டர் ஏற்ற இறக்கம் ஒன்றாகவே நடந்த மாவட்டங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தில் மட்டும் விளம்பரம் ஓட்டி, பின்கோடு வைத்து ஆர்டர்களை எண்ணினால் போதும். கிரைண்டர் வாங்கக் குடும்பங்கள் இரண்டு மூன்று வாரம் யோசிக்கும் என்பதால் குறைந்தது ஆறு வாரம் ஓட்ட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் வைக்கக் கூடாது. போனஸும் தள்ளுபடியும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு வாரத்தில் வந்து கணக்கைக் குழப்பிவிடும். தை பிறந்து பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது.